ஊர் மாறினால் சம்பளம் குறையலாமா?

(பதுளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கொழும்பில் ஒரு மேசையில் அமர்ந்து கணினி வழியாகச் செய்யும் வேலையைப் பதுளையில் அமர்ந்தும் செய்யலாம் என்பதை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு காட்டிவிட்டது. மென்பொருள் சோதனை, கணக்குப் பதிவு, வடிவமைப்பு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் சேவை என்று பல வேலைகள் அலுவலகக் கதவு பூட்டியிருந்தபோதும் நடந்தன. பசறையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் ஹப்புத்தளையிலிருந்தும் கொழும்புக்குப் போய் போடிங் அறைகளில் தங்கி வேலை பார்த்த நம் பிள்ளைகளுக்கு, ஊரிலேயே இருந்து வேலை செய்யலாமே என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முதலாக நடைமுறைக்கு உரியதாகத் தெரிந்தது. அந்த எண்ணத்தோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்தது. வேலை அதே வேலை, ஆள் அதே ஆள். இருக்கும் ஊர் மட்டும் செலவு குறைந்த ஊர். அப்படியானால் சம்பளமும் குறையலாமா? குறையலாம் என்று சொல்லும் நிறுவனங்கள் உலகில் நிறைய இருக்கின்றன. குறையக்கூடாது என்பது என் வாதம். அதற்கான ஆதாரம் அமெரிக்கக் கணினி நிறுவனங்களின் கோப்புகளில் இருப்பதைவிட நம் தோட்டங்களின் கூலி வரலாற்றில் தெளிவாக இருக்கிறது என்றும் சொல்ல வருகிறேன்.

முதலில் இந்த முறை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். ஒரு நிறுவனம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தரநிலை வைத்திருக்கும். ஏதாவது ஒரு முதன்மை நகரத்தில் அந்தத் தரநிலைக்குச் சந்தையில் என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதைச் சம்பள ஆய்வுகளிலிருந்து எடுத்து, அதை நூறு என்று வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வோர் ஊருக்கும் ஓர் இடக் காரணி போடும். ஓர் ஊருக்கு 0.9, இன்னோர் ஊருக்கு 0.7 என்று. முதன்மை நகரச் சம்பளத்தை அந்தக் காரணியால் பெருக்கினால் வருவதுதான் அந்த ஊர்க்காரருக்கான சம்பளம். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் இந்தக் கணக்கை ஒளிக்காமல் தன் கையேட்டிலேயே வெளியிட்டது. பொதுவாக ஊழியர்கள் நினைப்பது, இந்தக் காரணி அரிசி விலையையும் வீட்டு வாடகையையும் பார்த்துப் போடப்படுகிறது என்று. பெரும்பாலான நிறுவனங்கள் பார்ப்பது அதை அல்ல. அந்த ஊரில் இதே போன்ற ஆளுக்கு மற்ற முதலாளிகள் என்ன கொடுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கின்றன. வாழ்க்கைச் செலவு வேறு, உழைப்பின் உள்ளூர் விலை வேறு. ஊழியரிடம் பேசும்போது முதலாவதைச் சொல்வதும், கணக்குப் போடும்போது இரண்டாவதைப் பயன்படுத்துவதும் இந்த முறையில் வழக்கமாக நடக்கிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

2021இல் கூகுள் தன் ஊழியர்களுக்கு ஒரு கணக்கீட்டுக் கருவியைக் கொடுத்தது. வீட்டிலிருந்து நிரந்தரமாக வேலை செய்தால் சம்பளம் எவ்வளவு ஆகும் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். நியூயோர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள ஸ்டாம்ஃபோர்டில் வசிப்பவர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தேர்ந்தால் 15 வீதம் குறையும் என்றும், அதே அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் நியூயோர்க் நகருக்குள்ளேயே தன் வீட்டிலிருந்து செய்தால் குறைவு இல்லை என்றும் ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. இருவருமே அலுவலகத்துக்குப் போகவில்லை. இருவருடைய வேலையும் ஒன்று. ஸ்டாம்ஃபோர்டுக்காரர் முன்பு தினமும் ரயிலேறி அலுவலகம் போய் வந்தபோது, அதே ஊரில் குடியிருந்துகொண்டே, முழுச் சம்பளம் வாங்கினார். அப்போது அவருடைய வீட்டு வாடகையை யாரும் கேட்கவில்லை. ரயிலில் போவதை நிறுத்திய பிறகுதான் அவருடைய ஊர் மலிவான ஊர் என்று கணக்கில் வந்தது. இதே காலத்தில் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ரெடிட் நிறுவனம் 2020 ஒக்டோபரில் அமெரிக்காவுக்குள் ஊர்வாரிச் சம்பள வலயங்களை எடுத்துவிட்டது. அந்நாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ, நியூயோர்க் அளவுகோலே என்றது. ஆகவே இது தவிர்க்க முடியாத இயற்கை விதி அல்ல; நிறுவனங்கள் யோசித்து எடுக்கும் முடிவு.

இனி நம் மலைக்கு வருவோம். இடத்தைப் பார்த்துக் கூலி போடுவது கணினியோடு வந்த புதுமை அல்ல. இலங்கையில் அதைச் சட்டமாகவே எழுதினார்கள். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1929 ஜனவரியிலிருந்து தோட்டங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், இடைநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம். கூலியோடு சேர்ந்து அரிசி ஒரு கட்டுப்படுத்தப்பட்ட விலையில் கொடுக்கப்பட்டது. மேலே ஏற ஏறக் கூலி கூடுவதற்குக் காரணம் வாழ்க்கைச் செலவு. குளிருக்குக் கம்பளி வேண்டும். வெளியிலிருந்து வரும் அரிசியும் பருப்பும் மலையேறி வந்து சேர வேண்டும். இன்று பதுளை மலிவு, கொழும்பு விலை கூடியது என்று எளிதாகச் சொல்கிறோம். அன்று அதே வாழ்க்கைச் செலவுக் கணக்கு மலையை விலை கூடிய இடம் என்று சொன்னது. தொழிலாளி உயிரோடு இருந்து மறுநாளும் மலைக்குப் போக என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலின் விலையைக் கூலியாக வைத்தார்கள். வெளித்தோற்றத்தில் இது நேர்மையான கணக்கு. கருணையான கணக்கு என்றுகூடச் சொல்லலாம். அதற்கு முன் குறைந்தபட்சம் என்று ஒன்று சட்டத்தில் இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் அது ஒரு முன்னேற்றம் என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கு அடுத்து எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். அதே மலைநாட்டில், அதே ஆண்டில், பெண்ணுக்கு 43 சதம். சிறுவருக்கு 32 சதம். கொழுந்து பறிப்பது பெண்கள். தோட்டத்தின் வருமானம் அவர்கள் விரல்களில் இருந்தது. இருந்தும் ஆணைவிட 11 சதம் குறைவு. தேவையைப் பார்த்துக் கூலி என்று ஆரம்பித்துவிட்டால், பெண்ணின் தேவை குறைவு, அவள் தின்பது குறைவு, அவளுக்குத் துணையாக ஆணின் கூலி இருக்கிறது என்று அடுத்தடுத்துச் சொல்ல வழி திறந்துவிடுகிறது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி வர 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்னொரு விளைவும் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை இறங்கியது. உடனே கூலியும் குறைக்கப்பட்டது. தொழிலாளி பறித்த கொழுந்தின் எடை குறையவில்லை. மலையின் சரிவு குறையவில்லை. அவர் உயிர்வாழ ஆகும் செலவு குறைந்தது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. வேலை செய்பவரின் செலவைக் கூலிக்கு அளவுகோலாக வைத்தால், அவருடைய செலவு குறையும்போது மிச்சமாகும் பணம் முழுவதும் முதலாளியிடம் போகும். அவர் சிக்கனமாக வாழ்ந்தாலும், மலிவான ஊருக்குப் போனாலும், அதன் பலன் அவருக்கு இல்லை. ஊர்வாரிச் சம்பளத்தில் எனக்குள்ள அடிப்படையான மறுப்பு இதுதான்.

மலைநாடு, இடைநாடு, தாழ்நாடு என்ற அந்தப் பிரிவினை இன்று தேயிலைத் தொழிலில் இல்லை. சம்பள நிர்ணய சபை 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று நாட்சம்பளம் நிர்ணயித்தபோது அது நுவரெலியாவுக்கு ஒன்று, காலிக்கு ஒன்று என்று போடப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டமும் தீவு முழுவதற்கும் ஒரே தொகையைத்தான் சொல்கிறது. அரசாங்க ஆசிரியரின் சம்பள அளவுத்திட்டம் கொழும்பிலும் மடுல்சீமையிலும் ஒன்று. கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் கற்பிப்பவருக்கு அதற்கு மேல் ஒரு கொடுப்பனவு சேரும், கழியாது. ஆக, கொழுந்து பறிப்பவருக்கும் ஆசிரியருக்கும் இந்த நாடு கைவிட்ட ஒரு முறை, கணினி வழியாகக் கற்றோரின் தொழிலுக்குள் திரும்ப வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று தலைமுறை கழித்துப் படித்து நுழைந்த தொழிலுக்குள் அது வருவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, பதுளை உண்மையில் எவ்வளவு மலிவு? தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களம் ஒவ்வொரு மாதமும் மாவட்டவாரியாக உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டை வெளியிடுகிறது. ஓர் ஆள் ஒரு மாதம் அடிப்படைத் தேவைகளோடு வாழ எவ்வளவு வேண்டும் என்பதுதான் அது. அதில் பொதுவாக மேலே இருப்பது கொழும்பு மாவட்டம். கீழே இருப்பது நம் ஊவா மாகாணத்தின் மொனராகலை. நாட்டிலேயே மிக அதிகமானதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பதுளை இவ்விரண்டுக்கும் நடுவில் வரும். ஆகவே, உணவையும் அன்றாடப் பொருளையும் வைத்துப் பார்த்தால், இருபது முப்பது வீதம் வெட்டுவதற்கு அரசாங்கக் கணக்கில் ஆதாரம் இல்லை. வறுமைக் கோடு என்பது வறியவரின் கூடையை அளப்பது, நடுத்தர ஊழியரின் வாடகையை அது சரியாகக் காட்டாது என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான திருத்தம். ஆனால் அதற்குப் பதிலாக வைக்க வேறு அளவு இல்லை. நுகர்வோர் விலைச் சுட்டெண் கொழும்புக்கு ஒன்று இருக்கிறது, தேசத்துக்கு ஒன்று இருக்கிறது. பதுளைக்கென்று மாதாந்தம் ஒரு சுட்டெண் இல்லை. அப்படியிருக்க 0.8 என்று ஒரு காரணியைத் தாளில் எழுதுபவர் எதை அளந்து எழுதுகிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வாடகை ஒன்றுதான் பெரிய வித்தியாசம். அதையும் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு வாடகை இல்லை என்று சொல்கிறோம். ஏன் இல்லை? அப்பாவோ அம்மாவோ தோட்டத்தில் பேர் போடுவதால் கிடைத்த லயத்து அறை அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில், பல தலைமுறைகளாக, பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி இல்லாமல் தொடரும் குடியிருப்பு. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான ஆய்வில் நகர்ப்புறக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 116,000 ரூபாய்க்கு மேல். தோட்டப்புறத்தில் 47,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. வருமானம் இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில் வாடகையும் கடைவிலையும் கூலியும் குறைவாகத்தான் இருக்கும். பதுளைத் தோட்டங்களின் மலிவு என்பது அங்கே நூறாண்டுகளாகக் குறைவாகக் கொடுக்கப்பட்டதன் விளைவு. அந்த விளைவையே அளவுகோலாக எடுத்து, இந்த ஊரில் உழைப்பின் விலை குறைவு என்று ஒரு கொழும்பு நிறுவனம் முடிவெடுத்தால், பழைய குறைவு புதிய குறைவுக்குக் காரணமாகிறது. வெளியிலிருந்து வரும் ஒரு முழுச் சம்பளம்தான் இந்தச் சுழலை உடைக்கக்கூடியது. அதையும் உள்ளூர் அளவுக்கு வெட்டிக் கொடுத்தால் உடைப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

ஊருக்கு வந்தவுடன் புதிதாக ஏறும் செலவுகளும் இருக்கின்றன. அலுவலகம் கொடுத்த மின்சாரம், இணையம், நாற்காலி, குளிரூட்டி எல்லாம் இனி ஊழியரின் கணக்கில். மலைப் பக்கத்தில் ஒரே இணைய இணைப்பை நம்பி வேலை செய்ய முடியாது. இரண்டு நிறுவனங்களின் இணைப்பும், மின்தடைக்கு மின்கலமும் வேண்டும். மாதம் ஒரு முறை கூட்டத்துக்கு வா என்றால் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை ரயில் பாதை 292 கிலோமீற்றர். போக ஒரு பகல் முழுதும், வர ஒரு பகல் முழுதும், இடையில் தங்க ஓர் இடம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது இந்த மாவட்டத்தில் பாதைகளும் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. இந்த மலையில் வாழ்வதற்கு ஒரு செலவு இருக்கிறது. விலைப்பட்டியலில் அது வராது. இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொழும்பில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளையின் சம்பளம் எப்போதுமே கொழும்பில் மட்டும் செலவானதில்லை. தம்பியின் டியூஷன், அம்மாவின் மருந்து, வீட்டுக் கூரை என்று அதில் ஒரு பங்கு முன்பே பதுளையில்தான் செலவானது. ஊர் மாறியபோது அந்தப் பங்கு ஒரு ரூபாயும் குறையவில்லை.

இப்போது ஓர் எடுத்துக்காட்டை எண்ணோடு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. மென்பொருள் சோதனை செய்யும் ஒரு பெண், மாதம் 180,000 ரூபாய். ஒன்பது ஆண்டு சேவை. பதுளைக்கு மாற அனுமதி கேட்கிறார். நிறுவனம் பதுளைக்கு 0.85 என்று காரணி வைத்திருக்கிறது. அதன்படி அவருடைய புதிய சம்பளம் 153,000. நிறுவனம் இதை இரண்டு வழிகளில் செய்யலாம். ஒன்று, மாறும் தேதியிலிருந்து நேராக வெட்டுவது. மற்றது, வெட்டவில்லை, 180,000இலேயே நிறுத்தி வைக்கிறோம், பதுளைக்குரிய அளவு வளர்ந்து அதைத் தொடும்வரை சம்பள உயர்வு இல்லை என்பது. இரண்டாவது இரக்கமான வழி போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 8 வீத உயர்வு என்று வைத்தால், கொழும்பில் உள்ள சக ஊழியர் மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ 226,700க்கு வந்துவிடுவார். பதுளை அளவு 153,000இலிருந்து அதே வேகத்தில் வளர்ந்து இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ 178,500ஐத் தொடும். இன்னும் 180,000ஐத் தாண்டவில்லை, ஆகவே உயர்வு இல்லை. மூன்றாம் ஆண்டில்தான் 192,700 ஆகும். இரண்டு ஆண்டு ஒரு சதமும் கூடாமல் இருந்துவிட்டு, கடைசியில் அவர் நிற்பது சக ஊழியரின் சம்பளத்தில் சரியாக 85 வீதத்தில். நேராக வெட்டினாலும் அங்கேதான் நின்றிருப்பார். நிறுத்தி வைத்தல் என்பது அதே வெட்டை மெதுவாகச் செய்வது. விலைவாசி ஏறும் நாட்டில் அதுவும் மெதுவாக இராது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஆண்டுக்கு 70 வீதத்தை ஒட்டி இருந்தது. அந்த ஓராண்டு சம்பளம் நின்றிருந்தால் அதன் வாங்கும் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு போயிருக்கும்.

மாதச் சம்பளத்தில் தெரியாத இன்னோர் இழப்பும் இருக்கிறது. இதைப் பற்றி ஊழியர்கள் பலர் யோசிப்பதே இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி போடுவது 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். சம்பளம் 27,000 குறைந்தால் இவ்விரண்டிலும் மாதம் 4,050 ரூபாய் சேராமல் போகும். அதைவிடப் பெரியது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரராயின், சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். எந்தச் சம்பளம்? கடைசியாக வாங்கிய சம்பளம். நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் நேராக வெட்டப்பட்டு, பதுளையில் ஓராண்டு வேலை செய்து, பத்தாண்டு சேவையோடு விலகுகிறார். 180,000 என்றால் பத்து முறை 90,000, அதாவது 900,000 ரூபாய். 153,000 என்றால் 765,000. வித்தியாசம் 135,000. இதில் பத்தில் ஒன்பது பங்கு, அவர் கொழும்பில் கொழும்பு வாடகை கொடுத்துக்கொண்டு வேலை செய்த ஆண்டுகளுக்கானது. பதுளைக்கு வந்ததால் கொழும்பில் செய்த உழைப்பும் பின்னோக்கிக் குறைந்துவிடுகிறது. வாழ்க்கைச் செலவு என்ற நியாயத்தை முழுமனதோடு ஏற்பவரும் இந்த இடத்தில் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது நேர்மையானது. கொழும்பிலேயே இருந்து மாதம் நாற்பதாயிரம் வாடகை கொடுக்கும் சக ஊழியருக்கு இது அநீதி இல்லையா? இருவருக்கும் ஒரே சம்பளம் என்றால் கையில் மிஞ்சுவது ஒன்றாக இல்லையே? உண்மைதான். இதற்கு இந்திய மத்திய அரசின் முறையில் ஒரு விடை இருக்கிறது. அங்கே அடிப்படைச் சம்பளம் நாடு முழுவதும் ஒன்று. அதன் மேல் வீட்டு வாடகைப்படி நகரத்தைப் பொறுத்தது. சென்னை, மும்பை போன்ற எட்டுப் பெருநகரங்கள் ஒரு வகுப்பு, நடுத்தர நகரங்கள் ஒரு வகுப்பு, மற்றவை ஒரு வகுப்பு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017இல் இது அடிப்படைச் சம்பளத்தில் 24, 16, 8 வீதமாக இருந்தது. அகவிலைப்படி 50 வீதத்தைத் தொட்டதும் 30, 20, 10 ஆயிற்று. சென்னையிலிருந்து சிற்றூருக்கு மாறினால் படி குறையும். அடிப்படைச் சம்பளம் அசையாது, அதை வைத்துக் கணக்கிடும் ஓய்வூதியமும் அசையாது. எந்த ஊருக்கு எவ்வளவு என்பது அச்சில் இருக்கிறது, சிற்றூரிலிருந்து சென்னைக்குப் போனால் தானாகவே கூடவும் செய்கிறது. கொழும்பு ஊழியரின் வாடகைச் சுமையை நிறுவனம் உணர்கிறது என்றால், அவருக்கு ஒரு வாடகைப்படி கொடுக்கலாம். பதுளைக்காரரின் அடிப்படைச் சம்பளத்தை வெட்டுவதால் கொழும்புக்காரரின் வாடகை ஒரு ரூபாயும் குறையாது. பதுளையிலிருந்து கொழும்புக்கு வருபவருக்கும் கேட்காமலே சம்பளம் கூட்டப்படுகிறதா என்பதை வைத்து ஒரு நிறுவனத்தின் எண்ணத்தை அறியலாம். ஒரு பக்கம் மட்டும் நகரும் காரணிக்கு வாழ்க்கைச் செலவோடு சம்பந்தம் இல்லை.

இரண்டாவது வாதம் சந்தையின் பெயரால் வருவது. நாங்கள் வாழ்க்கைச் செலவைப் பார்க்கவில்லை, அந்த ஊரில் அந்த ஆளின் சந்தை விலையைக் கொடுக்கிறோம் என்பார்கள். முன்பு மனதில் வைக்கச் சொன்ன வேறுபாடு இதுதான். மென்பொருள் சோதகருக்குப் பதுளையில் சந்தை எங்கே இருக்கிறது? இந்த நகரில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 முதல் இருக்கிறது. பட்டதாரிகளை ஆண்டுதோறும் வெளியே அனுப்புகிறது. அவர்களை வேலைக்கு எடுக்கப் போட்டியிடும் மென்பொருள் நிறுவனங்கள் இங்கே வரிசையில் நிற்கவில்லை. கணினி வழி வேலை என்றால் பதுளைப் பெண்ணுக்காகப் போட்டியிடுவதும் அதே கொழும்பு நிறுவனங்கள்தான், சிங்கப்பூர் நிறுவனங்கள்தான். வேலையின் சந்தை கொழும்பில், அதன் விலை மட்டும் பதுளையில் என்று பிரிக்க முடியாது. உள்ளூரில் வேறு வேலை கிடைக்காது, ஆகவே குறைத்தாலும் போகமாட்டாள் என்பதுதான் அந்த 0.85இன் உள்ளே இருக்கும் கணக்கு. தோட்டத்தில் ஒரே முதலாளி, போக வேறு வழியில்லை என்ற நிலையில் கூலி எப்படி நிர்ணயமானது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதே எல்லாவற்றிலும் வலியது. மலிவாக இருந்தால்தான் வேலை பதுளைக்கு வரும். கொழும்புச் சம்பளம் கேட்டால் நிறுவனங்கள் கொழும்பிலேயே ஆள் எடுத்துக்கொள்ளும் என்பது. இலங்கைக்கு இந்த வேலைகள் வந்ததே அமெரிக்காவைவிட இங்கே சம்பளம் குறைவு என்பதால்தானே என்றும் கேட்கலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது. நாடுகளுக்கிடையே நாணயமும் சட்டமும் வரியும் வேறுபடும்போது சம்பளம் ஒன்றாகாது என்பதை ஏற்கிறேன். ஒரே நாணயம், ஒரே தொழிற்சட்டம், ஒரே சேமலாப நிதி உள்ள நாட்டுக்குள் அந்த நியாயம் செல்லாது. பதுளைக்கு ஓர் ஊழியர் மாறும்போது கொழும்பில் ஒரு மேசைக்கான வாடகையும் மின்சாரமும் போக்குவரத்தும் நிறுவனத்துக்கு மிச்சமாகிறது. வேலையை விட்டுப் போயிருக்கக்கூடிய பயிற்சி பெற்ற ஓர் ஆளும் மிஞ்சுகிறார். அது போதாது, சம்பளமும் குறைந்தால்தான் வருவோம் என்பவர், நாளை இதைவிட மலிவான ஓர் ஊரைக் கண்டால் அங்கே போவார். புதிதாக ஆள் எடுக்கும்போது சம்பளத்தை முன்கூட்டியே விளம்பரத்தில் அறிவித்து, ஒப்பினால் வா என்பது ஒன்று. ஒப்பந்தம் போட்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தவரிடம், நீ வீடு மாறினாய், ஆகவே உன் உழைப்பின் விலை மாறிவிட்டது என்பது வேறு. முதலாவதை வாதித்துப் பார்க்கலாம். இரண்டாவதற்கு நியாயம் இல்லை.

சட்டம் இதில் ஊழியரைக் கைவிடவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளத்தை முதலாளி தன்னிச்சையாகக் குறைக்க முடியாது. ஊழியரின் சம்மதம் வேண்டும். 2020இன் ஊரடங்கில் வேலையின்றி இருந்த காலத்துக்குக் கூட, அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இதில் எது கூடுதலோ அது என்பதை அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் கூடியே ஏற்க வேண்டியிருந்தது. சிக்கல், சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. ஊருக்குப் போக அனுமதி கேட்டவரிடம் அனுமதிக் கடிதத்தோடு புதிய நியமனக் கடிதம் ஒன்றையும் நீட்டினால், வீட்டில் நோயாளி அம்மா இருக்கும் பிள்ளை படிக்காமலே கையெழுத்துப் போடும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு தொழில் நியாய சபையில் பேசுவதற்கு அதிகம் இருக்காது.

ஆகவே இங்கே இருக்கும் இளையோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊர் மாறுவதற்கு முன் இப்போதைய நியமனக் கடிதத்தை எடுத்து, வேலை செய்யும் இடம் என்ற பிரிவில் என்ன எழுதியிருக்கிறது, வசிப்பிடம் மாறினால் சம்பளம் மீளாய்வு செய்யப்படும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கடிதம் தந்தால், பதுளைக்கு என்ன காரணி, எதை அளந்து போட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். எப்படியும் வெட்டைத் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்தால், இதுவரை செய்த சேவைக்கான பணிக்கொடை பழைய சம்பளத்தில்தான் கணக்கிடப்படும் என்ற ஒரு வரியையாவது எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொழில் திணைக்களத்திலும் தொழிற்சங்கங்களிலும் இருப்போரிடம் கேட்பது, அந்த ஒரு வரி ஊழியர் கேட்டுப் பெறும் சலுகையாக இல்லாமல் பணிக்கொடைச் சட்டத்திலேயே ஒரு பிரிவாக இருக்க வேண்டும் என்பதே.